தனியார் நிறுவனத்தில் மாற்றுத்திறனாளி ஒதுக்கீடு: கணக்கை எங்கிருந்து தொடங்குவது?

ஒரு நிறுவனத்தில் பணியாளர் பதிவேட்டைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு புதிதாக உங்கள் கைக்கு வருகிறது. சில மாதங்களில் மேலாளர் கேட்பார்: "சட்டப்படி நாம் எத்தனை மாற்றுத்திறனாளிகளை வேலைக்கு வைத்திருக்க வேண்டும்? இப்போது எத்தனை பேர் இருக்கிறார்கள்?" பெரும்பாலானோர் உடனே மொத்த ஆட்களின் எண்ணிக்கையைச் சதவீதத்தால் பெருக்கி ஒரு விடை சொல்லிவிடுவார்கள். அந்த விடை தவறாக இருப்பதற்கான வாய்ப்பு அதிகம். எந்த எண்ணைப் பெருக்க வேண்டும், யாரை ஒருவராக எண்ணலாம் என்ற இரண்டும் தெரியாமல் சதவீதம் மட்டும் தெரிந்து பயனில்லை.

அந்த இரண்டையும் இங்கே வரிசையாகப் பார்க்கலாம். முழுக் கணக்குக்கு ஜெர்மனியின் சட்டத்தை எடுத்துக்கொள்கிறேன். தனியார் முதலாளிகளுக்கான ஒதுக்கீடும், அதை நிறைவேற்றாவிட்டால் கட்ட வேண்டிய ஈட்டுத்தொகையும் அங்கே தெளிவாக வரையறுக்கப்பட்டிருக்கின்றன. வேறு நாட்டில் இருப்பவர்கள் எண்களை மாற்றிக்கொள்ள வேண்டும். கேட்க வேண்டிய கேள்விகள் பெரும்பாலும் இவையேதான்.

முதலில்: சட்டம் உங்களைக் கட்டுப்படுத்துகிறதா?

இந்தக் கேள்வியைத் தாண்டிப் போய்விடாதீர்கள். எல்லா நாடுகளிலும் தனியாருக்கு ஒதுக்கீடு கிடையாது. பிரிட்டனில் 1944-ஆம் ஆண்டுச் சட்டப்படி 20 பேரையும் அதற்கு மேலும் வேலைக்கு வைத்தவர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருந்தது. 1995-இல் வந்த சட்டம் அதைக் கைவிட்டு, பாகுபாடு காட்டக் கூடாது என்ற வழிக்கு மாறிக்கொண்டது. பிரான்சில் 20 பேரும் அதற்கு மேலும் உள்ள நிறுவனங்களுக்கு 6 சதவீதம். பிரேசிலில் 100 பேரிலிருந்து தொடங்கி, நிறுவனம் பெரிதாகப் பெரிதாக 2 சதவீதத்திலிருந்து 5 சதவீதம் வரை உயர்கிறது.

இந்தியாவில் உள்ளவர்களுக்கு இங்கே ஒரு குழப்பம் உண்டு. "மாற்றுத்திறனாளிகளுக்கு நான்கு சதவீதம்" என்பதைக் கேள்விப்பட்டு, அது தனியாருக்கும் பொருந்தும் என்று நம்பி விண்ணப்பித்து ஏமாறுகிறவர்கள் இருக்கிறார்கள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் அந்த 4 சதவீதத்தைச் சொல்லும் 34-ஆவது பிரிவு அரசு நிறுவனங்களை மட்டுமே கட்டுப்படுத்துகிறது. தனியாரைப் பற்றிப் பேசுவது 35-ஆவது பிரிவு. தனியார் முதலாளிகளின் பணியாளர்களில் குறைந்தது 5 சதவீதம் பேர் வரையறுக்கப்பட்ட அளவு குறைபாடு உள்ளவர்களாக, அதாவது 40 சதவீதமும் அதற்கு மேலும் உள்ளவர்களாக, இருக்கும்படி அரசு ஊக்கச் சலுகைகள் தர வேண்டும் என்கிறது அது. கடமை அரசின்மேல் சுமத்தப்பட்டிருக்கிறது, முதலாளியின்மேல் அல்ல. ஐந்து சதவீதத்தை எட்டாத தனியார் நிறுவனத்துக்கு அந்தப் பிரிவின்படி அபராதம் கிடையாது.

ஆனாலும் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். "அரசு நிறுவனம்" என்பதற்கு அந்தச் சட்டம் தரும் விளக்கத்தில் அரசின் நிதியுதவி பெறும் அமைப்புகளும் அடங்கும். தனியார் நிர்வாகத்தில் இருந்தாலும் அரசு உதவி பெறுகிற அமைப்பு என்றால், "நாங்கள் தனியார்தானே" என்று சொல்லி 34-ஆவது பிரிவிலிருந்து எளிதாக நழுவிவிட முடியாது. இரண்டாவது, முழுக்க முழுக்கத் தனியாராக இருந்தாலும் 21-ஆவது பிரிவின்படி சம வாய்ப்புக் கொள்கை ஒன்றை எழுதி வெளியிட்டு, மாற்றுத்திறனாளிகளுக்கான ஆணையரிடம் பதிவு செய்ய வேண்டும். 20 பேரும் அதற்கு மேலும் உள்ள நிறுவனம் என்றால், எந்தப் பணியிடங்கள் மாற்றுத்திறனாளிகளுக்குப் பொருத்தமானவை, எப்படித் தேர்வு செய்வோம், என்ன வசதிகள் தருவோம், இதற்கெல்லாம் பொறுப்பான தொடர்பு அலுவலர் யார் என்பதையும் அதில் எழுத வேண்டும். இந்தியாவில் ஒரு தனியார் நிறுவனத்திடம் வேலை கேட்டுப் போகிறவர் முதலில் கேட்டு வாங்க வேண்டியது இந்த ஆவணத்தைத்தான். ஒதுக்கீட்டு உரிமை என்று வாதாடுவதைவிட, "உங்கள் கொள்கையில் நீங்களே பட்டியலிட்ட பணியிடம் இது" என்று சுட்டிக்காட்டுவது வலுவான பிடி.

அடுத்து: எந்த எண்ணிலிருந்து கணக்குப் போடுவது?

இனி ஜெர்மனிக்கு வருவோம். ஆண்டுச் சராசரியாக 20 பணியிடங்களும் அதற்கு மேலும் உள்ள முதலாளி, அவற்றில் 5 சதவீதத்தைக் கடும் குறைபாடு உள்ளவர்களுக்குக் கொடுக்க வேண்டும். 20-உம் அதற்கு மேலும், ஆனால் 40-க்குக் குறைவு என்றால் ஒருவர் போதும். 40-உம் அதற்கு மேலும், ஆனால் 60-க்குக் குறைவு என்றால் இருவர். 60-ஐ எட்டினால்தான் சதவீதக் கணக்கு முழுமையாக வேலை செய்யும். அப்போது வரும் பின்னம் அரையும் அதற்கு மேலும் இருந்தால் மேலே உள்ள முழு எண்ணுக்கு உயர்த்த வேண்டும்.

சட்டம் "ஆட்கள்" என்று சொல்லாமல் "பணியிடங்கள்" என்று சொல்வதைக் கவனியுங்கள். சம்பளப் பட்டியலில் இருக்கிற எல்லோரும் பணியிடமாக எண்ணப்படுவதில்லை. தொழிற்பயிற்சியில் இருப்பவர்களின் இடங்களை விட்டுவிட வேண்டும். வாரத்துக்கு 18 மணி நேரத்துக்கும் குறைவாக வேலை இருக்கிற இடங்களையும் விட்டுவிட வேண்டும். வேறொரு ஆள்வழங்கு நிறுவனம் அனுப்பிய தற்காலிகப் பணியாளர்கள் உங்கள் கட்டடத்தில் வேலை பார்த்தாலும் அந்த ஆள்வழங்கு நிறுவனத்தின் கணக்கில்தான் வருவார்கள். மறுபக்கம், ஒரே முதலாளிக்கு மூன்று ஊர்களில் கிளைகள் இருந்தால் மூன்றையும் கூட்டித்தான் பார்க்க வேண்டும். ஒவ்வொரு கிளையிலும் 15 பேர்தான் என்று சொல்லி 20 என்ற வரம்புக்குக் கீழே ஒளிந்துகொள்ள முடியாது.

இந்த எண்ணை மாதந்தோறும் எடுத்து, பன்னிரண்டு மாதங்களைக் கூட்டி, பன்னிரண்டால் வகுக்க வேண்டும். டிசம்பர் கடைசியில் ஒரே நாள் கணக்கெடுத்துப் படிவத்தை நிரப்புகிறவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். மாதக் கடைசியில் ஐந்து நிமிடம் ஒதுக்கிப் பதிவேட்டில் ஒரு வரி எழுதி வைத்தால் ஆண்டு முடிவில் இந்தத் தலைவலியே இருக்காது.

யாரை எண்ணலாம்?

எனக்குத் தெரிந்தவரை பிழைகள் மிகுதியாக நேர்வது இந்தக் கட்டத்தில்தான். மேலாளர் ஒருவர், "அவருக்குக் காது சரியாகக் கேட்காதே, அவரையும் சேர்த்துக்கொள்" என்பார். அப்படிச் சேர்க்க முடியாது. கண்ணுக்குத் தெரிகிற குறைபாடு கணக்கில் வராது. அதிகாரபூர்வமான சான்று இருந்தால்தான் வரும்.

கண்ணால் பார்த்து எண்ணியதன் விளைவு ஜப்பானில் 2018-இல் வெளிவந்தது. அங்கே தனியாரைச் சட்டத்தின்படி நடக்கச் சொல்ல வேண்டிய மத்திய அரசின் 33 அமைப்புகளில் 27, உரிய சான்று இல்லாதவர்களையும் மாற்றுத்திறனாளிகள் என்று எண்ணி, 3,460 பேரைக் கூட்டிக் காட்டியிருந்ததாக அந்த ஆகஸ்டில் அரசே ஒப்புக்கொண்டது.

ஜெர்மனியில் குறைபாட்டின் அளவை 20 முதல் 100 வரை பத்துப் பத்தாக மதிப்பிட்டுச் சான்று தருகிறார்கள். 50-உம் அதற்கு மேலும் என்றால் கடும் குறைபாடு, நேரடியாகக் கணக்கில் வரும். 30 அல்லது 40 என்றால் தானாக வராது. ஆனால் அந்த அளவு உள்ளவர், குறைபாட்டின் காரணமாக வேலை கிடைப்பதோ இருக்கிற வேலையைத் தக்கவைப்பதோ கடினம் என்று காட்டி, வேலைவாய்ப்பு முகமையிடம் தம்மைக் கடும் குறைபாடு உள்ளவருக்கு நிகராகக் கருதும்படி விண்ணப்பிக்கலாம். ஏற்கப்பட்டால் அவரும் ஒதுக்கீட்டில் ஒருவர். அந்த நிகர்நிலை, விண்ணப்பம் முகமைக்குப் போய்ச் சேர்ந்த நாளிலிருந்தே செல்லும். முடிவு சொல்ல அவர்கள் எடுத்துக்கொள்ளும் மாதங்கள் வீணாவதில்லை. விண்ணப்பிக்க வேண்டியது பணியாளர்தான், அவருக்காக நிறுவனம் விண்ணப்பிக்க முடியாது.

ஒருவர் எப்போதும் ஒன்றாகத்தான் எண்ணப்படுவார் என்றும் இல்லை. வாரம் 18 மணி நேரமும் அதற்கு மேலும் வேலை பார்க்கும் பகுதிநேரப் பணியாளர் முழுதாக ஒருவர். கடும் குறைபாடு உள்ள தொழிற்பயிற்சியாளர் இரண்டாக எண்ணப்படுவார். ஜப்பானில் கணக்கே வேறு: வாரம் 20 முதல் 30 மணி நேரம் வரை வேலை பார்ப்பவர் பொதுவாக அரை ஆள், கடும் உடல் குறைபாடோ அறிவுசார் குறைபாடோ உள்ள முழுநேரப் பணியாளர் இரண்டு ஆள். அதனால் வேறு நாட்டு அனுபவத்தை அப்படியே கொண்டுவந்து பொருத்தாதீர்கள்.

ஒரு நிறுவனத்தின் கணக்கு

இயந்திர உதிரிபாகம் செய்யும் ஒரு நிறுவனத்தை வைத்துப் பார்ப்போம். எண்கள் நான் விளக்கத்துக்காகப் போட்டவை. சம்பளப் பட்டியலில் 96 பேர். புதிதாக வந்த பதிவேட்டு அலுவலர் 96-ஐ 5 சதவீதத்தால் பெருக்குகிறார். 4.8 வருகிறது, ஐந்து பேர் வேண்டும் என்று எழுதிவிடுகிறார்.

திருத்திப் போடுவோம். அந்த 96 பேரில் 7 பேர் தொழிற்பயிற்சியில் இருக்கிறார்கள். 6 பேர் வாரம் 18 மணிக்கும் குறைவாக வருகிறவர்கள். இந்த 13-ஐக் கழித்தால் 83 பணியிடங்கள். ஆண்டு முழுவதும் இது மாறவில்லை என்று வைத்துக்கொள்வோம். 83-இல் 5 சதவீதம் 4.15. பின்னம் அரைக்கும் குறைவு, ஆகவே வேண்டியது நான்கு இடங்கள்.

நிறுவனம் தன்னிடம் மூன்று மாற்றுத்திறனாளிகள் இருப்பதாக நினைக்கிறது. கணக்கறையில் இருப்பவருக்கு அளவு 60, முழுநேரம். கிடங்கில் இருப்பவருக்கு 50, வாரம் 20 மணி நேரம். கடைசல் பட்டறையில் இருப்பவருக்கு முதுகுத்தண்டு பாதிப்பு, சான்றில் அளவு 40. முதல் இருவரும் ஆளுக்கு ஒன்று. மூன்றாமவர் நிகர்நிலைக்கு விண்ணப்பிக்காததால் கணக்கில் வரமாட்டார். ஆக இரண்டு இடம் நிரம்பியிருக்கிறது, இரண்டு இடம் காலி.

ஈட்டுத்தொகை எவ்வளவு என்பது நிறுவனம் எட்டியிருக்கும் சதவீதத்தைப் பொறுத்தது. 2024-ஆம் ஆண்டுக்கான விகிதம் இது: 60-உம் அதற்கு மேலும் பணியிடங்கள் உள்ள முதலாளி 3 சதவீதத்தை எட்டி 5-ஐ எட்டாமல் இருந்தால், காலியாக உள்ள ஒவ்வொரு இடத்துக்கும் மாதம் 140 யூரோ. 2 முதல் 3-க்குள் என்றால் 245. 2-க்கும் கீழே, ஆனால் யாராவது இருந்தால் 360. ஒருவர்கூட இல்லையென்றால் 720. இந்தக் கடைசிப் படி 2024-இல்தான் புதிதாகச் சேர்க்கப்பட்டது. தொகைகள் அதன்பிறகு உயர்த்தப்பட்டிருப்பதால், நீங்கள் கணக்குப் போடும் ஆண்டுக்குரிய எண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நம் நிறுவனம் 83-இல் 2, அதாவது 2.4 சதவீதம். இரண்டு காலி இடம், மாதம் 245 யூரோ, பன்னிரண்டு மாதம்: 5,880 யூரோ.

இப்போது கடைசல்காரரைப் பற்றி யோசியுங்கள். அவர் முந்தைய டிசம்பரிலேயே நிகர்நிலைக்கு விண்ணப்பித்து அது ஏற்கப்பட்டிருந்தால், ஆண்டு முழுவதும் மூன்று இடம் நிரம்பியிருக்கும். 83-இல் 3 என்பது 3.6 சதவீதம். காலி இடம் ஒன்றாகக் குறைகிறது, அதோடு நிறுவனம் மலிவான படிக்கும் ஏறிவிடுகிறது. 140-ஐப் பன்னிரண்டால் பெருக்கினால் 1,680 யூரோ. யாரையும் புதிதாகச் சேர்க்காமல், ஏற்கெனவே உழைத்துக்கொண்டிருக்கும் ஒருவரின் ஒரு விண்ணப்பத்தால் 4,200 யூரோ குறைகிறது. அதைவிட முக்கியமாக அந்தப் பணியாளருக்குச் சிறப்புப் பணிநீக்கப் பாதுகாப்பு கிடைக்கிறது: ஆறு மாதம் வேலை பார்த்தவரை, கடும் குறைபாடு உள்ளவர்களின் வேலை தொடர்பான அரசு அமைப்பான ஒருங்கிணைப்பு அலுவலகத்தின் முன் ஒப்புதல் இல்லாமல் நிறுவனம் வேலையைவிட்டு நீக்க முடியாது.

இதே நிறுவனம், கடைசல்காரர் விண்ணப்பிக்காத நிலையிலும், ஆண்டின் தொடக்கத்திலேயே கடும் குறைபாடு உள்ள ஒருவரைத் தொழிற்பயிற்சிக்கு எடுத்திருந்தால்? அவர் இரண்டாக எண்ணப்படுவார். இருந்த இரண்டோடு சேர்த்து நான்கு. பயிற்சி இடம் அடிப்படை எண்ணில் சேராததால் 83 அப்படியே நிற்கும். கட்ட வேண்டிய தொகை எதுவும் இல்லை.

சான்றை எப்படிக் கேட்பது?

இவ்வளவும் தெரிந்ததும், நாளைக் காலையே எல்லோருக்கும் "உங்களுக்கு ஏதாவது குறைபாடு உண்டா?" என்று படிவம் அனுப்பத் தோன்றும். வேண்டாம். கடும் குறைபாடு உள்ளவர்களில் பிறவியிலேயே அந்த நிலையில் இருப்பவர்கள் ஜெர்மனியில் சுமார் 3 சதவீதம்தான். பெரும்பாலானோர் வாழ்க்கையின் நடுவில் நோயால் அந்த நிலைக்கு வந்தவர்கள். உங்கள் நிறுவனத்தில் பத்தாண்டு, இருபதாண்டு வேலை பார்த்தவர்களும் அவர்களில் இருப்பார்கள். புற்றுநோய் சிகிச்சை முடிந்து திரும்பியவரும் மனச்சோர்வுக்கு மருந்து எடுப்பவரும் அதை அலுவலகத்தில் சொல்ல அஞ்சுவதற்கு நியாயமான காரணம் இருக்கிறது.

நேர்காணலில் இந்தக் கேள்வியைத் தவிர்த்துவிடுங்கள். ஜெர்மனியின் கூட்டாட்சித் தொழில் நீதிமன்றம் 2012-இல் அளித்த தீர்ப்பின்படி, வேலையில் சேர்ந்து ஆறு மாதம் கழிந்து சிறப்புப் பாதுகாப்பு தொடங்கிய பிறகு முதலாளி கேட்கலாம். கேட்கலாம் என்பதாலேயே அது நல்ல முறை ஆகிவிடாது. நான் பரிந்துரைப்பது இதுதான்: ஆண்டுக்கு ஒருமுறை எல்லோருக்கும் ஒரே கடிதம் அனுப்புங்கள். சான்று இருப்பவருக்கு என்ன உரிமைகள் உண்டு என்பதை முதலில் எழுதுங்கள். கடும் குறைபாடு உள்ளவருக்கு ஆண்டுக்குக் கூடுதலாக ஒரு வேலை வாரம் ஊதிய விடுப்பு உண்டு, வாரம் ஐந்து நாள் வேலை என்றால் ஐந்து நாள். நிகர்நிலை பெற்றவருக்கு இந்த விடுப்பு கிடையாது, பணிநீக்கப் பாதுகாப்பு உண்டு. இந்த வேறுபாட்டை மறைக்காமல் சொல்லுங்கள். பிறகு, விரும்புகிறவர்கள் சான்றின் நகலை யாரிடம் தரலாம் என்று ஒரே ஒரு பெயரைக் குறிப்பிடுங்கள். நோயின் பெயரைக் கேட்காதீர்கள். கணக்குக்குத் தேவைப்படுவது அளவும், சான்று செல்லும் காலமும் மட்டுமே. சான்றின் காலம் முடிவதை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். காலாவதியான சான்றை நம்பி எண்ணியது தணிக்கையில் தெரிந்தால் கணக்கு முழுவதையும் திருத்த வேண்டிவரும்.

கட்டிவிட்டால் முடிந்ததா?

ஈட்டுத்தொகையைக் கட்டிவிட்டால் கடமை தீர்ந்தது என்று நிறுவனங்கள் நினைப்பதுண்டு. ஜெர்மனியின் சட்டம் அதை வெளிப்படையாகவே மறுக்கிறது: தொகையைக் கட்டுவதால் வேலை தரும் கடமை நீங்காது. ஒவ்வொரு காலிப் பணியிடத்துக்கும், அதைக் கடும் குறைபாடு உள்ள ஒருவரால் நிரப்ப முடியுமா என்று ஆராய்ந்து, வேலைவாய்ப்பு முகமையோடு முன்கூட்டியே தொடர்புகொள்ள வேண்டும். இதைச் செய்யாத நிறுவனத்தில் தகுதியுள்ள மாற்றுத்திறனாளி ஒருவர் நிராகரிக்கப்பட்டால், பாகுபாடு காட்டப்பட்டதற்கான அறிகுறியாக நீதிமன்றம் இதை எடுத்துக்கொள்ளக்கூடும்.

தொகையைச் சட்டப்படியே குறைக்க ஒரு வழி உண்டு. மாற்றுத்திறனாளிகளுக்கான அங்கீகரிக்கப்பட்ட பணிமனைகளுக்கு வேலை கொடுத்தால், அந்த விலைப்பட்டியலில் உழைப்புக்கான பங்கில் பாதியை ஈட்டுத்தொகையில் கழித்துக்கொள்ளலாம். உழைப்புப் பங்கு 3,000 யூரோ என்றால் 1,500 குறையும். பொருட்செலவு இதில் சேராது. அதனால் விலைப்பட்டியலில் உழைப்புப் பங்கைத் தனியே காட்டச் சொல்லி வாங்குங்கள்.

இன்னொரு வழியும் பேசப்படும், அதைத் தொடவே தொடாதீர்கள். சான்று வைத்திருப்பவரைப் பட்டியலில் மட்டும் சேர்த்து, சிறு தொகை கொடுத்து வீட்டிலேயே இருக்கச் சொல்வது. ஒதுக்கீட்டுச் சட்டம் உள்ள சீனாவில் சான்றை வாடகைக்கு விடும் இந்தப் பழக்கம் நன்கு அறியப்பட்ட முறைகேடு. வேலை தேடுகிறவராக இதைக் கண்டுகொள்வது கடினமில்லை. என்ன வேலை, யாருக்குக் கீழே, எந்த நேரம் என்று கேட்டால் பதில் வராது. தகுதியைப் பற்றிக் கேட்கும் முன்பே சான்றைக் கேட்பார்கள். அப்படி ஓராண்டு போனால் அனுபவமும் கிடைக்காது, உங்கள் பெயரில் ஒரு பொய்ப் பதிவு மட்டும் மிஞ்சும்.

படிவம் போக வேண்டிய நாள்

ஜெர்மனியில் கடந்த ஆண்டின் கணக்கை மார்ச் 31-க்குள் வேலைவாய்ப்பு முகமைக்கு அனுப்ப வேண்டும். தொகை இருந்தால் அதை ஒருங்கிணைப்பு அலுவலகத்துக்குக் கட்ட வேண்டும். முகமை வந்து கேட்கும் என்று காத்திருக்க முடியாது. கணக்கை நீங்களே போட்டு நீங்களே அறிவிக்க வேண்டும். ஒரு கோப்பில் மூன்றே பொருள்கள் இருந்தால் போதும்: பன்னிரண்டு மாதத்தின் பணியிட எண்ணிக்கை, கழித்த ஒவ்வொரு இடத்துக்கும் காரணம், எண்ணிய ஒவ்வொருவரின் சான்று நகலும் அது செல்லும் தேதியும். கடைசிப் பொருளை மட்டும் பூட்டிய அலமாரியில் தனியாக வையுங்கள். கடைசல்காரர் போன்ற ஒருவர் உங்களிடமும் இருந்தால், கடிதத்தை மார்ச்சில் அனுப்பிப் பயனில்லை. அதற்குள் போன ஆண்டின் கணக்கு முடிந்துபோயிருக்கும். நவம்பரிலேயே அனுப்புங்கள்.